பச்சைச் சீட்டு விழும் வரை

சிரப் தயாரிக்கும் ஓர் ஆலையின் சரக்கு இறங்கு தளத்தில் பத்து நீல டிரம்கள் வந்து இறங்குகின்றன. ஒவ்வொன்றிலும் 215 கிலோ புரோப்பிலீன் கிளைக்கால். தண்ணீரில் எளிதில் கரையாத மருந்தைக் கரைத்துப் பிடித்து வைக்கும் திரவம் இது. நிறம் இல்லை, வாசனை இல்லை, லேசான இனிப்பும் கொஞ்சம் கொழகொழப்பும் உண்டு. சிக்கல் என்னவென்றால், டைஎத்திலீன் கிளைக்கால் என்ற இன்னொரு திரவமும் பார்வைக்கு அச்சு அசல் இப்படியேதான் இருக்கும். அது பிரேக் திரவத்திலும் வேறு பல தொழிற்சாலைப் பொருள்களிலும் சேர்க்கப்படுவது. வயிற்றுக்குள் போனால் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடும்.

2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அவர்கள் குடித்த இருமல் மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு அரசு ஆய்வுக்கூடம் சோதித்தபோது அந்த மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. இத்தகைய மூலப்பொருளில் அனுமதிக்கப்படும் உச்ச அளவு 0.1 சதவீதம். மருந்துத் தரமில்லாத புரோப்பிலீன் கிளைக்கால் அங்கே பயன்படுத்தப்பட்டதாக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வு சொன்னது.

ஒரு டிரம் லாரியிலிருந்து இறங்குவதற்கும் சிரப் கலக்கும் தொட்டிக்குள் ஊற்றப்படுவதற்கும் நடுவே ஒரு கதவு இருக்க வேண்டும். மருந்து ஆலைகளில் அந்தக் கதவுக்குக் குவாரன்டைன் என்று பெயர். அதை யார் திறக்கலாம், எதைப் பார்த்துத் திறக்கலாம் என்பதை வழக்கமான ஓர் உதாரணத்தை வைத்துப் பார்க்கலாம்.

டிரம்கள் இறங்கியதும் ஸ்டோர்ஸ் ஆள் முதலில் செய்வது எண்ணுவது. பத்து டிரம், சீல் உடையவில்லை, கசிவு இல்லை. லேபிளைப் பார்க்கிறார்: ஆறு டிரம்களில் ஒரு பாட்ச் எண், நான்கில் வேறொரு பாட்ச் எண். ஒரே லாரி, ஒரே பில். ஆனாலும் ஸ்டோர்ஸ் கணக்கில் இவை இரண்டு சரக்குகள். சாம்பிள் எடுப்பது, சோதிப்பது, விடுவிப்பது எல்லாமே பாட்ச் வாரியாகத்தான். அதனால் கணினியில் வரவு வைக்கும்போதும் இரண்டு வரிகள்: முதல் பாட்ச் 1290 கிலோ, இரண்டாவது 860 கிலோ.

பல பெரிய ஆலைகளில் அந்தக் கணினி எஸ்.ஏ.பி. மென்பொருள்தான். வரவு வைக்கும் பதிவின் எண் 101. அந்தப் பொருளுக்குத் தரச் சோதனை கட்டாயம் என்று முன்பே குறித்து வைத்திருந்தால், 101 போட்ட நொடியிலேயே சரக்கு `Quality Inspection` என்ற கணக்கில் போய் உட்காரும். கூடவே பாட்ச் ஒன்றுக்கு ஓர் ஆய்வுப் பதிவும் தானாகத் திறந்துகொள்ளும். திரையில் கையிருப்பைப் பார்த்தால் ஒரே பொருளுக்கு மூன்று கட்டங்கள் தெரியும்: `Unrestricted`, `Quality Inspection`, `Blocked`. முதல் கட்டத்தில் இருப்பதை எடுத்துப் பயன்படுத்தலாம். இரண்டாவதில் இருப்பது இன்னும் தீர்ப்பு வராதது. மூன்றாவது, தீர்ப்பு பாதகமாக வந்தது, அல்லது ஏதோ ஒரு சந்தேகத்தால் நிறுத்தி வைக்கப்பட்டது.

இந்தக் கட்டங்கள் இடத்தைக் குறிப்பவை அல்ல. பத்து டிரம்களும் ஒரே அறையில் அடுத்தடுத்த ராக்கில் இருக்கலாம். கட்டம் மட்டும் மாறும். கட்டம் சொல்வதெல்லாம் அந்த டிரம்மை இப்போது யார் என்ன செய்யலாம் என்பதைத்தான். அதே செய்தியைத் தரையில் நிற்பவருக்குச் சொல்வது லேபிள்: பெரும்பாலான ஆலைகளில் மஞ்சள் என்றால் சோதனையில் இருக்கிறது, பச்சை என்றால் ஒப்புதல் கிடைத்தது, சிவப்பு என்றால் நிராகரிக்கப்பட்டது. குவாரன்டைன் பகுதி தனியாக, அடையாளத்துடன், அனுமதி பெற்றவர் மட்டும் நுழையும்படி இருக்க வேண்டும் என்பது நல்ல உற்பத்தி முறைக்கான விதி. கணினியை மட்டும் நம்பி அந்தப் பிரிப்பைக் கைவிடுவதானால், அந்தக் கணினி முறை அதே அளவு பாதுகாப்பு தர வேண்டும். விதிமுறை ‘அதே அளவு’ என்று சொல்வதைப் பலர் ‘கணினி இருந்தால் போதும்’ என்று படித்துக்கொள்கிறார்கள்.

உற்பத்திப் பிரிவுக்கோ அவசரம். பன்னிரண்டு மணிக்குத் தொட்டி காலியாகிவிடும்.

“ஒரே ஒரு டிரம் கொடுங்க சார். ரிசல்ட் சாயங்காலம் வந்துடும்ல?”

“ஏ.ஆர். நம்பரே இன்னும் விழல. நான் கொடுத்தாலும் சிஸ்டம் எடுக்காது.”

ஸ்டோர்ஸ்காரர் சொல்வது பொய்யல்ல. உற்பத்திக்குச் சரக்கு வழங்கும் பதிவு 261. அது முதல் கட்டத்திலிருந்து மட்டுமே எடுக்கும். சோதனையில் இருக்கும் பாட்ச்சைக் கேட்டால் `Deficit of BA Unrestricted-use 215 KG` என்று சிவப்பு எழுத்தில் நிற்கும். 860 கிலோ கண்ணெதிரே இருக்கும்போது கணினி ‘பற்றாக்குறை’ என்கிறது! புதிதாக வேலைக்கு வந்தவர்கள் இதைக் கண்டு குழம்பிப் போவது வழக்கம். பயன்படுத்தத் தகுந்த சரக்கு பூஜ்யம் என்பதைத்தான் அது சொல்கிறது.

திட்டமிடும் பிரிவின் கணக்கு இதிலிருந்து கொஞ்சம் வேறுபடும். அடுத்த மாதத்துக்கு எவ்வளவு வாங்கலாம் என்று கணக்கிடும் நிரல், வழக்கமான அமைப்பில், சோதனையில் இருக்கும் சரக்கையும் கைவசம் உள்ளதாகவே எடுத்துக்கொள்ளும். எப்படியும் தேறிவிடும் என்ற நம்பிக்கை. தடுக்கப்பட்ட சரக்கை எடுத்துக்கொள்ளாது. அதனால் ஒரு பாட்ச் இரண்டாவது கட்டத்திலிருந்து மூன்றாவதுக்குப் போகிற அன்றுதான் திட்டமிடுபவருக்கு அதிர்ச்சி: நேற்று வரை போதுமான இருப்பு, இன்று 860 கிலோ பள்ளம். கணக்குப் பிரிவுக்கு எந்தச் சலனமும் இராது. மூன்று கட்டங்களிலும் சரக்கு ஆலையின் சொத்துதான். மதிப்பும் அப்படியே ஏட்டில் நிற்கும்.

இனி சாம்பிள். டிரம்மை வெளியே துடைத்து, வடிகட்டிய காற்று வீசும் சாம்பிளிங் பூத்துக்குக் கொண்டுபோய், துருப்பிடிக்காத எஃகுக் குழாயை உள்ளே விட்டு எடுப்பார்கள். எத்தனை டிரம்மிலிருந்து எடுப்பது? தொழிலில் புழங்கும் பழைய வாய்ப்பாடு ஒன்று உண்டு: மொத்த எண்ணிக்கையின் வர்க்க மூலம், அதோடு ஒன்று. ஆறு டிரம்முக்கு நான்கு, நான்குக்கு மூன்று. நம்பகமான உற்பத்தியாளரிடமிருந்து நேரே வரும் பல பொருள்களுக்கு இது ஓடும். கிளைக்கால், கிளிசரின் வகைகளுக்கு ஓடாது. நச்சுத் திரவம் கலந்திருக்கிறதா என்பதை ஒவ்வொரு டிரம்மிலும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

ஏன் தனித்தனியே? இரண்டாவது பாட்ச்சின் நான்கு டிரம்களில் மூன்று சுத்தம், ஒன்றில் மட்டும் 0.3 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கிலிருந்தும் சம அளவு எடுத்து ஒரே குடுவையில் கலந்து சோதித்தால் என்ன வரும்? 0.3-ஐ நான்கால் வகுத்தால் 0.075 சதவீதம். வரம்பு 0.1. சோதனை முடிவு ‘தேர்ச்சி’ என்று வரும்; அனுமதிக்கப்பட்டதைப் போல மூன்று மடங்கு நச்சு உள்ள டிரம் பச்சை லேபிளோடு உற்பத்திக்குப் போகும். ஆய்வுக்கூடத்தில் எந்தத் தவறும் நடந்திராது. கருவி சரியாக அளந்திருக்கும், வேதியியலாளர் நேர்மையாக எழுதியிருப்பார். கெடுத்தது கலவைச் சாம்பிள்.

ஒரே பாட்ச் எண் உள்ள டிரம்களில் ஒன்று மட்டும் எப்படி வேறாக இருக்கும் என்ற கேள்வி நியாயமானது. இந்தத் திரவங்கள் உற்பத்தியாளரிடமிருந்து டேங்கரில் வந்து, இடையில் உள்ள வியாபாரியிடம் டிரம்களில் நிரப்பப்படுவது உண்டு. நிரப்பும்போது கடைசி டிரம் குறைந்துபோகலாம், வேறொன்றால் நிரவலாம். பழைய டிரம்மைச் சரியாகக் கழுவாமல் விட்டிருக்கலாம். பாட்ச் எண் லேபிளில்தான் இருக்கிறது, திரவத்தில் இல்லை.

நம் உதாரணத்தில் கேஸ் குரோமடோகிராபி கருவி பத்து சாம்பிள்களையும் ஓட்டி முடிக்கிறது. முதல் பாட்ச்சின் ஆறும் சுத்தம். இரண்டாவதில் மூன்று சுத்தம். ஒன்பதாவது டிரம்மில் அந்தத் தேவையில்லாத முகடு எழுந்து நிற்கிறது, 0.3 சதவீதம்.

இங்கே உடனே தோன்றும் ஆசை, இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கலாமே என்பது. இரண்டாவது முறை 0.09 வந்தால் அதை எழுதிக்கொள்ளலாம் அல்லவா? கூடாது. வரம்பு மீறிய முடிவு வந்தால் முதலில் ஆய்வுக்கூடத்தின் வேலையைத்தான் சோதிக்க வேண்டும்: எடை சரியா, குடுவை சுத்தமா, கருவியின் ஒப்பீட்டுக் கரைசல் சரியா, கணக்கு சரியா. தவறு கண்டுபிடிக்கப்பட்டால் மட்டுமே அந்த முடிவைத் தள்ளலாம். தவறு இல்லையென்றால் முதல் முடிவு நிற்கும். தேறும் வரை திரும்பத் திரும்பச் சோதிப்பதை 1993-இல் பார் லேபரட்டரீஸ் வழக்கில் அமெரிக்க நீதிபதி ஆல்ஃபிரட் வோலின் கண்டித்தார். மருந்துத் தர உலகம் இன்றும் அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுகிறது.

தீர்ப்பை எழுதுவது ஸ்டோர்ஸும் அல்ல, உற்பத்தியும் அல்ல. தர உறுதிப் பிரிவில் அதற்கான அனுமதி உள்ளவர் `QA11` திரையைத் திறந்து, ஆய்வுப் பதிவுக்கு முடிவு எழுதி, சரக்கை நகர்த்துகிறார். முதல் பாட்ச்சில் சாம்பிளுக்காகச் செலவானது 0.6 கிலோ. அது 331 என்ற பதிவில் கழிகிறது. மீதி 1289.4 கிலோ, பதிவு 321-இல், இரண்டாவது கட்டத்திலிருந்து முதல் கட்டத்துக்கு வருகிறது. ஆறு டிரம்களுக்கும் பச்சை லேபிள். அதில் பொருள் பெயர், பாட்ச் எண், ஏ.ஆர். எண் எனப்படும் சோதனைக் குறிப்பு எண், மறுசோதனைத் தேதி, கையெழுத்து.

இரண்டாவது பாட்ச்? சுத்தமாக இருந்த மூன்று டிரம்களை விடுவித்துவிட்டு ஒன்பதாவதை மட்டும் ஒதுக்கலாமே என்று தோன்றும். வேறு சில பொருள்களில் அது சரியாக இருக்கலாம். உதாரணமாக ஓர் அட்டைப்பெட்டிக் கட்டு மட்டும் மழையில் நனைந்திருந்தால். இங்கே அந்த வாதம் எடுபடாது. ஒரே எண் கொண்ட டிரம்களில் ஒன்றில் வேறு திரவம் இருக்கிறதென்றால் அந்த எண்ணே நம்பகம் இழந்துவிட்டது. சாம்பிள் போக மீதமுள்ள 859.6 கிலோவும் பதிவு 350-இல் மூன்றாவது கட்டத்துக்குப் போகிறது. நான்கு டிரம்களும் சிவப்பு லேபிள் ஒட்டி, பூட்டிய கூண்டுக்குள்.

தடுக்கப்பட்ட சரக்கிலிருந்து வெளியேற நேர்மையான வழிகள் சில உண்டு. விற்றவருக்குத் திருப்பி அனுப்பலாம். 555 போட்டு அழித்துவிடலாம். தடுத்ததே தவறான தகவலால் என்று தெரிந்தால் 349 போட்டு மறுபடி சோதனைக் கட்டத்துக்கு அனுப்பலாம். நச்சு கலந்த டிரம்மைப் பொறுத்தவரை முதல் வழியிலும் ஓர் ஆபத்து இருக்கிறது: திரும்பிப் போன டிரம் லேபிள் மாறி, சோதிக்காத இன்னொரு ஆலைக்குப் போய்ச் சேரலாம். வாங்கிய ஆலைக்குப் பணம் திரும்பும், ஆபத்து இடம் மாறும், அவ்வளவுதான். சாம்பிளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்குத் தெரிவித்த பிறகே அந்த டிரம் அசைய வேண்டும்.

இவற்றைத் தவிர ஒரு குறுக்கு வழி இருக்கிறது. பதிவு எண் 343. மூன்றாவது கட்டத்திலிருந்து நேரே முதல் கட்டத்துக்கு, சோதனைக் கட்டத்தைத் தொடாமல். ஆய்வுப் பதிவு திறந்திருக்கும் சரக்கை ஸ்டோர்ஸ் ஆள் கையால் 321 போட்டு நகர்த்தப் பார்த்தால் கணினி மறுத்துவிடும். முடிவு எழுதியாக வேண்டும். ஆனால் தடுக்கப்பட்ட சரக்கு ஆய்வுப் பதிவின் பிடியிலிருந்து வெளியே வந்துவிட்டது. அதற்கு 343 போட, சாதாரண அமைப்பில், அந்தத் திரைக்கான அனுமதி மட்டும் போதும். நட், போல்ட் விற்கும் கிடங்குக்கு இது வசதி. தவறுதலாகத் தடுத்ததை உடனே விடுவிக்கலாம். மருந்து ஆலையில் இது பின்கதவு. கெட்டிக்காரத் தணிக்கையாளர் வந்ததும் கேட்கும் பட்டியல்களில் ஒன்று, 343 போடும் அனுமதி எத்தனை பேருக்கு இருக்கிறது என்பது. ஸ்டோர்ஸ் ஆள்கள் பெயர் அதில் இருந்தால், வாசலில் பூட்டிய பூட்டு எவ்வளவு பெரிதானாலும் பிரயோசனமில்லை.

விற்றவர் அனுப்பும் தரச் சான்றிதழை வைத்துக்கொண்டே விடுவித்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு 2006-இல் பனாமாவில் நடந்தது பதில். சீனாவில் புறப்பட்ட 46 பீப்பாய்கள், ‘99.5 சதவீதம் சுத்தமான கிளிசரின்’ என்ற சான்றிதழோடு ஸ்பெயினின் பார்சிலோனா வழியாகப் பனாமா சேர்ந்தன. ஒவ்வொரு வியாபாரியும் முந்தையவரின் சான்றிதழைத் தன் தாளில் மாற்றி எழுதினார். சரக்கை யாரும் சோதிக்கவில்லை. உள்ளே இருந்தது டைஎத்திலீன் கிளைக்கால். அரசு ஆய்வுக்கூடமே அதைக் கலந்து சுமார் 2,60,000 பாட்டில் சளி மருந்து தயாரித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அந்தக் கதையில் அதிகம் பேசப்படாத இன்னொரு பகுதி உண்டு. பீப்பாய்கள் பனாமாவில் பல காலம் கிடந்தன. காலாவதித் தேதி மாற்றி எழுதப்பட்டது. அதாவது ஒருமுறை முதல் கட்டத்துக்கு வந்த சரக்கு என்றென்றைக்கும் அங்கேயே இருக்கலாம் என்று நினைப்பதும் தவறு. பச்சை லேபிளில் மறுசோதனைத் தேதி இருப்பது அதற்காகத்தான். அந்த நாள் நெருங்கும்போது `QA07` என்ற நிரல் அந்த பாட்ச்சுக்குப் புதிய ஆய்வுப் பதிவைத் திறக்கும். அமைப்பைப் பொறுத்துச் சரக்கை மறுபடி இரண்டாவது கட்டத்துக்கே தள்ளிவிடும். இந்த நிரலைத் தினமும் இரவில் தானாக ஓடும்படி வைக்க வேண்டும். யாரோ ஒருவர் நினைவு வைத்துக்கொண்டு ஓட்டுவார் என்று விட்டால், அவர் விடுப்பில் போகும் மாதம் அது ஓடாது.

கணினி எவ்வளவு கறாராக இருந்தாலும் அதற்குக் கண் கிடையாது. மஞ்சள் லேபிள் ஒட்டிய டிரம்மை ஒருவர் தள்ளுவண்டியில் வைத்து உற்பத்திக்குக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, மாலையில் ஒப்புதல் வந்ததும் 261 போட்டுக்கொண்டால் திரையில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். முன்கூட்டியே கையெழுத்துப் போட்ட பச்சை லேபிள் கட்டு மேசை இழுப்பறையில் கிடக்கும் ஆலையிலும் அப்படியே. இதைப் பிடிக்க ஆய்வாளர்கள் பின்னோக்கி நடப்பார்கள். கடைக்குப் போன சிரப் பாட்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் கலந்த கிளைக்காலின் பாட்ச் எண்ணைப் பார்ப்பார்கள். `MB51` திரையில் அந்த எண்ணைக் கொடுத்தால் 101, 321, 261 எல்லாம் தேதி நேரத்தோடு வரிசையாக வரும். பிறகு உற்பத்திப் பதிவேட்டைத் திறந்து, கிளைக்காலைத் தொட்டியில் ஊற்றிய நேரத்தைப் பார்ப்பார்கள். 321 மாலை 3.40-க்கு, ஊற்றியது பிற்பகல் 2.15-க்கு என்று இருந்தால், அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு யாரிடமும் நல்ல பதில் இருக்காது.